"நானும்தான்" என்று சொல்லப் போய் மாட்டிக்கொண்டேன்: சோ டூ ஐ, நைதர் டூ ஐ, மீ டூ எப்போது எது?

கார்த்திகை_நிலா

வணக்கம். இங்கே ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போறவ, முதல் தடவையா கேள்வி போடறேன்.

போன வாரம் வேலையில ஒரு ஆன்லைன் மீட்டிங். அஞ்சு பேர் இருந்தோம். கூட வேலை பார்க்கறவர் ஒருத்தர் பேச்சுவாக்குல, "த கிளையன்ட் கால்ட் மீ லாஸ்ட் நைட்" என்றார். அதே கிளையன்ட் அதே ராத்திரி எனக்கும் போன் பண்ணியிருந்தார், ஒரு மாற்றம் வேணும்னு சொன்னார். நான் உடனே "சோ டிட் ஐ" என்றேன். இலக்கணமா பதில் சொல்லிட்டோம்னு ஒரு திருப்திகூட.

அவர் ஒரு நிமிஷம் அமைதியா இருந்துட்டு, போனை எடுத்துத் தேட ஆரம்பிச்சிட்டார். "சாரி, உங்க மிஸ்டு கால் எதுவும் இல்லையே, எத்தனை மணிக்குப் பண்ணீங்க?" என்றார். எனக்கு ஒண்ணும் புரியல. பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போயிடுச்சு. கிளையன்ட் என்கிட்ட கேட்ட மாற்றம் மீட்டிங் குறிப்புல ஏறவே இல்ல, அப்புறம் நான் தனியா மெயில் போட்டு விளக்க வேண்டியதாப் போச்சு.

"நானும்தான்"னு சொல்ல சோ டூ ஐ, சோ டிட் ஐன்னுதானே படிச்சோம்? எங்கே தப்பு?

தொடரி

உங்க மேல தப்பே இல்லைங்க. விதி ரொம்ப சுலபம். எதிராளி சொன்ன வாக்கியத்துல என்ன உதவி வினை இருக்கோ, அதையே எடுத்துப் போடணும். ஆம் இருந்தா "சோ ஆம் ஐ". கேன் இருந்தா "சோ கேன் ஐ". ஹேவ் இருந்தா "சோ ஹேவ் ஐ". எதுவுமே இல்லைன்னா டூ, இறந்த காலம்னா டிட். "கால்ட்" இறந்த காலம், அதனால "சோ டிட் ஐ" நூத்துக்கு நூறு சரி. அவருக்குத்தான் புரியல.

எழுத்தாணி

தொடரி, வினையைப் பற்றி நீங்கள் சொன்னது பெரும்பாலும் சரி. ஆனால் நிலாவின் சிக்கல் வினையில் இல்லை.

பெரியவர்களுக்குப் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து 14 வருஷமாகிறது. இந்த இடத்தில் தமிழ் பேசுகிறவர்கள் தடுக்குவதற்கு நம் மொழியே ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும். நாம் "நானும்தான்" என்று ஒரே சொல்லாக நினைத்துக்கொள்கிறோம், ஆனால் பேசும்போது ஒன்றையா சொல்கிறோம்? "நான் கிளம்பிட்டேன்" என்றால் "நானும்தான்". "எனக்குத் தலை வலிக்குது" என்றால் "எனக்கும்தான்". "என்னைக் கூப்பிட்டாங்க" என்றால் "என்னையும்தான்". "என் போன் வேலை செய்யல" என்றால் "என்னோடதும்தான்". வினையை விட்டுவிடுகிறோம், வேற்றுமை உருபு மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. யோசிக்காமலே சரியாக மாற்றுகிறோம்.

ஆங்கிலத்தில் "சோ டூ ஐ" அமைப்பு இதற்கு நேர் எதிர். அதில் "ஐ" அசையாது, வினைதான் மாறும். ஆம், டூ, டிட், ஹேவ், கேன் என்று. அந்த "ஐ" எப்போதும் எழுவாய். யார் அந்தக் காரியத்தைச் செய்தார்களோ அவர்களுடைய இடத்தில்தான் அது போய் உட்காரும்.

இப்போது உங்கள் வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "கிளையன்ட் எனக்கு நேற்று ராத்திரி போன் பண்ணினார்." போன் பண்ணியது யார்? கிளையன்ட். நீங்கள் "சோ டிட் ஐ" என்றதும் கிளையன்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உங்களை வைத்துவிட்டீர்கள். மிச்சமெல்லாம் அப்படியே இருக்கிறது. ஆக உங்கள் சகா கேட்டது: "நானும் உங்களுக்கு நேற்று ராத்திரி போன் பண்ணினேன்." அவர் மிஸ்டு கால் தேடியது நியாயம்தான்.

நீங்கள் தமிழில் என்ன சொல்லியிருப்பீர்கள்? "எனக்கும்தான்." "நானும்தான்" இல்லை. அந்த "எனக்கும்"தான் இங்கே "மீ டூ". எல்லோரும் மட்டமாகப் பார்க்கிற "மீ டூ" இந்த இடத்தில் சரியான பதில். சந்தேகமே வேண்டாம் என்றால் "ஹீ கால்ட் மீ டூ" என்று முழுசாகச் சொல்லிவிடலாம்.

கார்த்திகை_நிலா

ஐயோ, இப்போதான் புரியுது. அவர் ஏன் போனைத் தேடினார்னு ஒரு வாரமா யோசிச்சேன்.

அப்படின்னா "எனக்கும்"னு வந்தா எப்பவும் மீ டூ, "நானும்"னு வந்தா சோ டூ ஐன்னு வெச்சுக்கலாமா சார்?

எழுத்தாணி

அவசரப்பட வேண்டாம், அது பாதி தூரம்தான் வரும். "எனக்குத் தூக்கம் வருது" என்பதற்கும் நமக்கு "எனக்கும்தான்". ஆனால் ஆங்கிலத்தில் அது "ஐ ஆம் ஸ்லீப்பி", எழுவாய் "ஐ". அதனால் "சோ ஆம் ஐ" தாராளமாக வரும், "மீ டூ"வும் வரும். எனக்குப் பிடிக்கும், எனக்குத் தெரியும், எனக்கு வேணும் எல்லாம் இப்படித்தான். நமக்கு "எனக்கு", அவர்களுக்கு "ஐ".

அதனால் தமிழ் உருபை வைத்து முடிவு செய்யாதீர்கள். எதிராளியின் ஆங்கில வாக்கியம் எதில் தொடங்கியது என்று பாருங்கள். "ஐ" என்று தொடங்கினால் சோ டூ ஐ, மீ டூ இரண்டுமே உண்டு. வேறு யாரோ, வேறு எதுவோ தொடக்கத்தில் இருந்து, பேசுகிறவர் பின்னால் "மீ" ஆக இருந்தால் "மீ டூ" மட்டும்தான்.

நடுநிசி

எனக்கும் இதே பிரச்சினைதான் நண்பர்களே. "டிடன்ட் யூ ஸ்லீப்?"னு கேட்டா நான் "யெஸ்"னு சொல்றேன், தூங்கலன்ற அர்த்தத்துல. அவங்க தூங்கிட்டேன்னு எடுத்துக்கறாங்க. இதுக்கு நைதர் டூ ஐ எங்கே போடறது?

எழுத்தாணி

நடுநிசி, உங்களுடையது வேறு முடிச்சு. அவர் தன்னைப் பற்றிச் சொல்லவில்லை, உங்களைக் கேட்கிறார். அதற்கு உடன்பட ஒன்றும் இல்லை, "நோ, ஐ டிடன்ட்" போதும். நாம் "ஆமா, தூங்கல" என்று கேள்விக்குத் தலையாட்டுகிறோம். அவர்களுக்கு நடந்திருந்தால் யெஸ், நடக்கவில்லை என்றால் நோ. அதே ஆள் "ஐ டிடன்ட் ஸ்லீப்" என்று தன் கதையைச் சொன்னால்தான் "நைதர் டிட் ஐ" வரும்.

சாலையோரம்

நல்ல நேரத்துல இந்த இழை வந்துச்சு. என் பொண்ணு இலக்கணப் பயிற்சித் தாள்ல "ஐ ஹேவ் எ ஹெடேக்" என்பதற்குப் பக்கத்துல "சோ ஹேவ் ஐ"ன்னு எழுதியிருந்தா. தப்புன்னு அடிச்சு "சோ டூ ஐ"ன்னு திருத்தியிருக்காங்க. தொடரி சொன்ன மாதிரிதானே எழுதியிருக்கா? ஹேவ் இருந்தா ஹேவ். நான் நேர்ல போய்க் கேட்கலாம்னு இருந்தேன்.

தொடரி

கண்டிப்பா கேளுங்க. ஹேவ் உதவி வினைன்னு எல்லாப் புத்தகத்துலயும் இருக்கு.

அக்கரை

கொஞ்சம் பொறுங்க. நான் 11 வருஷமா வெளிநாட்டுல இருக்கேன். இலக்கணம் எனக்குப் பெருசா தெரியாது, காதுல விழறதை வெச்சு சொல்றேன். "ஐ ஹேவ் எ ஹெடேக்"னு யாராவது சொன்னா "சோ டூ ஐ"ன்னுதான் கேட்டிருக்கேன். ஆனா "ஐவ் காட் எ ஹெடேக்"னு சொன்னா "சோ ஹேவ் ஐ"ன்னு சொல்றாங்க. ரெண்டும் ஒரே தலைவலிதான், ஆனா பதில் மாறுது. ஏன்னு எழுத்தாணி சார்தான் சொல்லணும்.

எழுத்தாணி

அக்கரையின் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது.

ஹேவ் ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. "ஐ ஹேவ் ஃபினிஷ்ட்" என்பதில் அது உதவிக்கு நிற்கிறது, முக்கிய வேலை ஃபினிஷ் உடையது. "ஐ ஹேவ் எ ஹெடேக்" என்பதில் ஹேவ் தானே முக்கிய வினை, உதவிக்கு யாரும் இல்லை. உதவிக்கு ஆள் இல்லாத இடத்தில் டூ வரும்.

எது எது என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. என் வகுப்பில் ஒரே ஒரு சோதனை சொல்லிக்கொடுப்பேன்: அந்த வாக்கியத்தை மனதுக்குள் "இல்லை" என்று மாற்றிப் பாருங்கள். "ஐ ஹேவ் ஃபினிஷ்ட்" இல்லை என்றால் "ஐ ஹேவன்ட் ஃபினிஷ்ட்". வந்தது ஹேவ், பதில் "சோ ஹேவ் ஐ". "ஐ ஹேவ் எ ஹெடேக்" இல்லை என்றால் "ஐ டோன்ட் ஹேவ் எ ஹெடேக்". வந்தது டூ, பதில் "சோ டூ ஐ". "ஐவ் காட்" இல்லை என்றால் "ஐ ஹேவன்ட் காட்", மறுபடி ஹேவ். "ஐ ஹேட் டு லீவ் எர்லி" இல்லை என்றால் "ஐ டிடன்ட் ஹேவ் டு", ஆக "சோ டிட் ஐ". "நாட்" யாரோடு ஒட்டிக்கொள்கிறதோ, பதிலில் வரப்போவதும் அவரேதான்.

சாலையோரம், திருத்தியவர் செய்தது இன்றைய வழக்குக்குச் சரி. "ஐ ஹேவ்" என்பதற்கு "சோ ஹேவ் ஐ" என்பது பழைய பிரிட்டிஷ் வழக்கில் இருந்தது, அதனால் பிள்ளை எழுதியது அபத்தமும் இல்லை. சண்டைக்குப் போக வேண்டாம், இந்தச் சோதனையை மட்டும் அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

சாலையோரம்

போகலை சார். அவகிட்ட இப்பவே கேட்டேன், "ஐ டோன்ட் ஹேவ்"ன்னு தானாவே சொன்னா, சொன்னதும் முகமே மாறிடுச்சு. அடுத்து அவளே "ஐ’ட் லைக் டு கோ"வுக்கு என்னன்னு கேட்கறா. அந்த சுருக்கின "ட்" வுட்டா ஹேடா?

எழுத்தாணி

கெட்டிக்காரி. அதற்குப் பின்னால் வருவதைப் பார்க்கச் சொல்லுங்கள். லைக், கோ போல வெறும் வினை வந்தால் அது பெரும்பாலும் வுட், "சோ வுட் ஐ". ஃபினிஷ்ட், கான் போல முடிந்த வடிவம் வந்தால் ஹேட், "சோ ஹேட் ஐ". "ஐ’ட் ராதர் ஸ்டே" என்பதும் வுட்தான். "ஐ’ட் பெட்டர் கோ" மட்டும் விலக்கு, அது ஹேட்.

கார்த்திகை_நிலா

எல்லாம் குறிச்சுக்கிட்டேன். எனக்கு இன்னொரு இடம் அடிக்கடி இடிக்குது. யாராவது "ஐ ஹேவன்ட் காட் த ஃபைல்" என்றால் என் வாயில தானா "மீ டூ"ன்னு வந்துடுது. சொல்லி முடிச்சதும்தான் உறைக்குது.

தொடரி

அதுக்கு "நைதர் ஹேவ் ஐ"தான். "மீ நைதர்"னு சிலர் சொல்றாங்க, அது கொச்சை, தப்பு. பழகிக்காதீங்க.

அக்கரை

தொடரி, இதுல நான் ஒத்துக்க மாட்டேன். "மீ நைதர்" தினமும் கேட்கறேன். படிச்சவங்க, மேலதிகாரிங்க எல்லாரும் சொல்றாங்க. சிலர் "மீ ஐதர்"னுகூடச் சொல்றாங்க. இன்னொண்ணு, அந்தச் சொல்லை "நைதர்"னும் சொல்றாங்க, "நீதர்"னும் சொல்றாங்க. எது சொன்னாலும் யாரும் திரும்பிப் பார்க்கறதில்ல.

எழுத்தாணி

பேச்சில் "மீ நைதர்" முழுக்க ஏற்கப்பட்டது. கடிதத்திலோ அறிக்கையிலோ எழுத மாட்டேன், அவ்வளவுதான். "மீ ஐதர்" அமெரிக்கப் பேச்சில் உண்டு, நாம் தேடிப் போய்ப் பழக வேண்டியதில்லை.

நிலா, உங்கள் நாக்கில் "மீ டூ" வருவதற்கும் காரணம் இருக்கிறது. தமிழில் "உம்" இரண்டு பக்கமும் ஒன்றேதான். "நான் போனேன்", "நானும்தான்". "நான் போகல", "நானும்தான்". உடன்பாட்டுக்கும் எதிர்மறைக்கும் நமக்கு ஒரே கதவு. அவர்களுக்கு இரண்டு கதவு.

எந்தக் கதவு என்பதை வாக்கியத்தின் வடிவம் சொல்லும், பொருள் அல்ல. இங்கேதான் நன்றாகப் பேசுகிறவர்களும் சறுக்குகிறார்கள். "ஐ டிஸ்லைக் இட்" பிடிக்கவில்லை என்றுதான் பொருள், ஆனால் வாக்கியத்தில் "நாட்" இல்லை, அதனால் "சோ டூ ஐ". "ஐ ஃபர்காட்" நினைவில்லை என்று பொருள், பதில் "சோ டிட் ஐ". மறுபக்கம் "ஐ நெவர் மெட் ஹிம்", "ஐ ஹார்ட்லி ஸ்லெப்ட்" இரண்டிலும் "நாட்" கண்ணில் படாது, ஆனால் நெவரும் ஹார்ட்லியும் எதிர்மறையாகவே நடக்கும். "நைதர் டிட் ஐ" என்றுதான் சொல்ல வேண்டும்.

மழை பற்றிய இந்த இரண்டையும் பாருங்கள். "ஐ திங்க் இட் வோன்ட் ரெயின்" என்றால் "சோ டூ ஐ". "ஐ டோன்ட் திங்க் இட் வில் ரெயின்" என்றால் "நைதர் டூ ஐ". சொல்கிற சேதி ஒன்றே. முதலாவதில் "ஐ" பக்கத்தில் "நாட்" இல்லை, இரண்டாவதில் இருக்கிறது. "ஐ" ஒட்டி நிற்கிற வினையை மட்டும் பார்த்தால் போதும்.

நைதர் போட்ட பிறகு வினையில் மறுபடி "நாட்" சேர்க்காதீர்கள். "நைதர் டோன்ட் ஐ" என்று வகுப்பில் வாரம் ஒருவர் சொல்லுவார். மறுப்பை நைதர் ஏற்கனவே எடுத்துக்கொண்டுவிட்டது.

நடுநிசி

"ஐ டூ நாட் ஐதர்"னு ஒண்ணு படிச்ச ஞாபகம். அது என்ன?

எழுத்தாணி

அதுவும் சரி, "ஐ டோன்ட் ஐதர்" என்று சுருக்கிச் சொல்வார்கள். அதில் வரிசை திரும்பாது, நாம் வழக்கமாகப் பேசும் ஒழுங்கிலேயே வரும். உடன்பாட்டுக்கு "ஐ டூ டூ", "ஐ ஆம் டூ". வரிசையைத் திருப்பத் தடுமாறுகிறவர்கள் இதைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் வெறும் "ஐ டூ" என்று, நானும் என்ற அர்த்தத்தில், வினையில்லாமல் நிறுத்தாதீர்கள். நம்மவர்கள் நிறையப் பேர் அப்படிச் சொல்கிறார்கள், கேட்கிறவர் மிச்ச வாக்கியத்துக்காகக் காத்திருப்பார்.

அக்கரை

வரிசைன்னதும் ஞாபகம் வருது. வந்த புதுசுல ஒருத்தர் என் சட்டையைக் காட்டி, "யூவ் காட் இங்க் ஆன் யுவர் ஸ்லீவ்"னு, சட்டைக் கையில மை பட்டிருக்குன்னு சொன்னார். பக்கத்துல இருந்தவர் தன் சட்டையைக் குனிஞ்சு பார்த்து, "சோ ஹேவ் ஐ!"ன்னார், அவர் கையிலயும் மை. நான் என் கையைப் பார்த்துட்டு அதையே சொன்னேன். அப்போ முதல்ல சொன்னவர் மெதுவா திருத்தினார், நீங்க "சோ ஐ ஹேவ்"னு சொல்லணும்னு. அன்னிக்குப் புரியல, இப்பவும் பாதிதான் புரியுது.

எழுத்தாணி

அருமையான இடம். "சோ ஹேவ் ஐ" என்றால் "எனக்கும்தான்", இன்னொருவரோடு சேர்த்துக்கொள்வது. "சோ ஐ ஹேவ்" என்றால் "அட, ஆமாம்ல!" என்று, தன்னைப் பற்றிச் சொன்னதை அப்போதுதான் பார்த்து ஒப்புக்கொள்வது. மை இருப்பதாகச் சொன்னது உங்களைப் பற்றி, அதனால் நீங்கள் "சோ ஐ ஹேவ்". பக்கத்தில் இருந்தவர் உங்களோடு தன்னைச் சேர்த்துக்கொண்டார், அவருக்கு "சோ ஹேவ் ஐ". இரண்டு சொல் இடம் மாறினால் பேச்சே வேறு.

காதிலும் வித்தியாசம் தெரியும். "சோ ஹேவ் ஐ" சொல்லும்போது அழுத்தம் கடைசி "ஐ" மேல் விழும். "சோ ஐ ஹேவ்" என்பதில் "ஹேவ்" மேல் விழும்.

கார்த்திகை_நிலா

சார், இன்னிக்கு மறுபடி மீட்டிங். ஒருத்தர் "ஐ குடன்ட் ஓப்பன் த லிங்க்" என்றார். "குடன்ட்"னு காதுல விழுந்ததும் "நைதர் குட் ஐ"ன்னு சொல்லிட்டேன், யோசிக்காமலே வந்துடுச்சு. ஆனா அடுத்த நிமிஷமே இன்னொருத்தர் "மை மைக் இஸ்ன்ட் வொர்க்கிங்" என்றதும் "நைதர் ஆம் ஐ"ன்னு ஆரம்பிச்சு பாதியில நிறுத்திட்டேன். நான் வேலை செய்யலன்னு சொல்ற மாதிரி இருந்துச்சு.

எழுத்தாணி

நிறுத்தியது நல்லது. அங்கே எழுவாய் மைக். உங்கள் மைக்கைத்தான் அந்த இடத்தில் வைக்க வேண்டும்: "நைதர் இஸ் மைன்". நாம் சொல்லும் "என்னோடதும்தான்" அது. தங்கை, நண்பர் என்று யாரை வேண்டுமானாலும் அந்த இடத்தில் வைக்கலாம், வினை அவர்களுக்கு ஏற்ப மாறும். "ஐ லிவ் அலோன்" என்றால் "சோ டஸ் மை சிஸ்டர்".

தொடரி

ஹேவ் விஷயத்துல நான் சொன்னது பாதிதான் சரின்னு ஒத்துக்கறேன். மீ நைதரை எழுத்துல மட்டும் தவிர்க்கறேன்.

இப்போ என் கேள்வி. ஒருத்தர் ஒரே மூச்சுல "ஐ வென்ட் தேர் பட் ஐ டிடன்ட் சீ எனிஒன்" என்கிறார். முன்பாதி உடன்பாடு, பின்பாதி எதிர்மறை. சோவா, நைதரா?

எழுத்தாணி

இரண்டுமே முழுசாகப் பொருந்தாது. "நைதர் டிட் ஐ" என்றால் பின்பாதிக்கு மட்டும் பதில், நீங்களும் போனீர்களா என்பது தெரியாது. நான் "சேம் ஹியர்" என்பேன். அது இரண்டு கதவுக்கும் பொதுவானது, வினையும் கேட்காது.

அக்கரை

ஆமா, "சேம் ஹியர்" நானும் நிறைய கேட்கறேன். ஆனா "நோபடி டோல்ட் மீ"ன்னு ஒருத்தர் சொன்னப்போ, ஒருத்தர் "மீ நைதர்"னும் பக்கத்துல இருந்தவர் "மீ டூ"ன்னும் ஒரே நேரத்துல சொன்னதைக் கேட்டிருக்கேன். ரெண்டு பேருமே அங்கேயே பிறந்து வளர்ந்தவங்க.

எழுத்தாணி

நோபடி எதிர்மறை, அதனால் நான் "மீ நைதர்" பக்கம். முழுசாகச் சொன்னால் "நோபடி டோல்ட் மீ ஐதர்". ஆனால் அங்கே மறுப்பு எழுவாயில் இருக்கிறது, வினையில் இல்லை. அதனால் சிலர் காதுக்கு "மீ டூ" இயல்பாக விழுகிறது போலும். தப்பு என்று அடிக்க எனக்குக் கை வராது.

சாலையோரம்

பொண்ணு தாள்ல அந்த மாதிரி வந்தா எதை எழுதச் சொல்றது சார்?

எழுத்தாணி

தாளில் "நோபடி டோல்ட் மீ ஐதர்" என்று முழு வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். அதை யாரும் திருத்த முடியாது.